கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்: கூடுதல் பணம் எதற்குப் போகிறது?

கண்புரை அறுவை செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதும் நம்மைப் பக்கத்து அறைக்கு அனுப்புகிறார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் கவுன்சலர் ஒரு விலைப்பட்டியலை எடுத்து வைக்கிறார். அதே கண், அதே டாக்டர், அதே தியேட்டர். ஆனால் ஒரு வரியில் 10,000 ரூபாய் என்று இருக்கிறது, இன்னொரு வரியில் 90,000 ரூபாய் என்று இருக்கிறது. கூட வந்த மகனோ மகளோ, "அம்மா கண்ணு விஷயம், நல்லதாவே வைங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த 'நல்லது' எது என்பதைப் பட்டியல் சொல்வதில்லை.

விலை ஏற ஏறப் பார்வையின் தெளிவும் ஏறும் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. புரையை எடுப்பதுதான் பார்வையைத் திருப்பித் தருகிறது. அது எல்லா வரிகளிலும் ஒன்றுதான். சாதாரண லென்ஸ் வைத்துக்கொண்ட ஒருவர், அதற்குப் பொருத்தமான மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டால், விலை உயர்ந்த லென்ஸ் வைத்தவர் படிக்கும் அதே எழுத்தைப் படித்துவிடுவார். கூடுதல் பணத்தில் பெரும்பகுதி கண்ணாடி இல்லாமல் இருப்பதற்கான விலை. அந்த வசதி வேண்டுமா, எந்த அளவுக்கு வேண்டும், நம் கண் அதற்கு இடம் தருமா என்பவைதான் உண்மையான கேள்விகள்.

கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ், கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய பைக்குள் உட்கார்ந்திருக்கிறது. வயதாகும்போது லென்ஸ் கலங்குகிறது, அதுதான் புரை. அறுவையில் பையின் முன்பக்கத்தில் வட்டமாக ஒரு திறப்பைச் செய்து, கலங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, பையை அப்படியே விட்டுவைக்கிறார்கள். காலியான அந்தப் பைக்குள் செயற்கை லென்ஸ் போய் உட்காருகிறது. ஒரு காலத்தில் லென்ஸை எடுத்ததோடு சரி. அந்தத் தலைமுறைப் பாட்டி தாத்தாக்கள் சோடாபுட்டிக் கண்ணாடியோடு மிச்ச வாழ்க்கையை ஓட்டினார்கள். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1949 நவம்பரில் ஹரால்ட் ரிட்லி என்ற டாக்டர் முதன்முதலாகக் கண்ணுக்குள் லென்ஸ் வைத்தார். போரில் விமான ஓட்டிகளின் கண்ணில் தெறித்த அக்ரிலிக் துண்டுகளைக் கண் ஏற்றுக்கொண்டதைப் பார்த்து வந்த யோசனை அது. நம் ஊருக்கு அந்த லென்ஸ் எளிய விலையில் வந்ததற்கு மதுரைதான் காரணம். டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கியது. இறக்குமதி லென்ஸை ஏழைகள் எட்டிப்பார்க்கவே முடியாத நாட்களில், அதன் விலையில் சிறு பங்குக்கு அங்கே லென்ஸ் செய்தார்கள். இன்று உலகின் பல நாடுகளுக்கு அந்த லென்ஸ் போகிறது. இந்திய லென்ஸ் என்றாலே மட்டமானது என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

விலைப்பட்டியலின் முதல் வரி, மடங்காத லென்ஸ். பி.எம்.எம்.ஏ. என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் ஆனது. சுமார் 6 மில்லிமீட்டர் அகலம் இருப்பதால் அதை உள்ளே நுழைக்க அதே அளவுக்கு வழி வேண்டும். வெள்ளை விழியிலிருந்து சாய்வாகச் சுரங்கம் போல வழி எடுத்து, தையல் போடாமலே மூடிக்கொள்ளும்படி செய்கிறார்கள். டாக்டர்கள் இதை எஸ்.ஐ.சி.எஸ். என்பார்கள். அரசு மருத்துவமனைகளிலும் இலவச முகாம்களிலும் கையில் காசு வாங்காமல் இதைச் செய்கிறார்கள். தனியார் மருத்துவமனைகளில் ஒரு கண்ணுக்கு 5,000 முதல் 12,000 ரூபாய் வரை ஆகலாம். அடுத்த வரி ஃபேக்கோ. ஒலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி எடுத்து, 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர் வெட்டு வழியாகச் சுருட்டிய லென்ஸை உள்ளே விடுகிறார்கள். அது பைக்குள் போய் விரிந்துகொள்ளும். இந்தியத் தயாரிப்பு மடக்கும் லென்ஸோடு இதற்கு 15,000 முதல் 25,000 ரூபாய் ஆகிறது.

இந்த முதல் தாவலில் கூடும் பணம் லென்ஸுக்கு மட்டும் போவதல்ல. ஃபேக்கோ இயந்திரம், ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்றும் குழாய், ஊசி எல்லாம் அதில் அடக்கம். கிடைப்பது என்ன? வெட்டு சிறியது, சீக்கிரம் ஆறும், வெட்டினால் உருவாகும் சிலிண்டர் பவர் குறைவு. அதாவது கண்ணாடி இல்லாமல் தூரப் பார்வை சற்று நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணாடி போட்டபின் வரும் பார்வையில் வித்தியாசம் மிகக் குறைவு. நேபாளத்தில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2007-ல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்துக்குப் பிறகு கண்ணாடியுடன் நல்ல பார்வை கிடைத்தவர்கள் இரு பக்கமும் 98 சதவீதம். புரை நன்றாக முற்றிக் கல் போல் இறுகிவிட்டால் பெரிய வெட்டே பாதுகாப்பு என்று டாக்டர் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அது மலிவான வைத்தியத்துக்குத் தள்ளுவது அல்ல.

மடக்கும் லென்ஸிலேயே இரண்டு பொருள் உண்டு. தண்ணீரை ஈர்க்கும் அக்ரிலிக் ஒன்று, தண்ணீரை விலக்கும் அக்ரிலிக் ஒன்று. பட்டியலில் ஹைட்ரோஃபிலிக், ஹைட்ரோஃபோபிக் என்று எழுதியிருக்கும். இந்த வித்தியாசத்துக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாய் நியாயமானது என்பது என் கருத்து. காரணம், அறுவைக்குப் பிறகு சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் பை மங்கலாகும். "புரை திரும்ப வந்துடுச்சு" என்று மக்கள் சொல்வது இதைத்தான். புரை திரும்ப வருவதில்லை, பைதான் மங்குகிறது. யாக் லேசரால் அதில் ஒரு துளை போட்டால் சில நிமிடத்தில் சரியாகிவிடும். அந்த மங்கல் ஹைட்ரோஃபோபிக் லென்ஸில் குறைவாக வருகிறது. ஹைட்ரோஃபிலிக் லென்ஸில் அரிதாக இன்னொரு சிக்கலும் உண்டு. பின்னாளில் விழித்திரைக்கோ கருவிழிக்கோ அறுவை செய்து கண்ணுக்குள் வாயு விட வேண்டி வந்தால், லென்ஸில் சுண்ணாம்புச் சத்து படிந்து மங்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இது கணக்கில் வைக்க வேண்டிய விஷயம்.

அதற்கு மேல் வரும் தாவல், "இம்போர்ட்டட்" என்ற சொல்லுக்கானது. 28,000 முதல் 45,000 ரூபாய் வரை போகும். இங்கேதான் பணத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கச் சொல்வேன். இரண்டுமே ஹைட்ரோஃபோபிக், இரண்டுமே ஒற்றைத் தூரத்துக்கானவை என்றால், பெயரும் நாடும் மாறியதால் நோயாளிக்குத் தெரியும் வித்தியாசம் சிறிது. ஆஸ்ஃபெரிக் என்ற சொல்லும் சேர்ந்திருக்கும். லென்ஸின் ஓரத்தில் ஒளி சிதறாமல் வடிவமைத்தது. இரவில் வண்டி ஓட்டுபவருக்கு அது கொஞ்சம் உதவும். வயதாக ஆகக் கண்மணி சுருங்கி, லென்ஸின் ஓரம் வழியாக ஒளி போவதே குறைந்துவிடுவதால், எண்பது வயதுப் பாட்டிக்கு அந்த ஆதாயம் கிட்டத்தட்டத் தெரியாது. மஞ்சள் நிற லென்ஸ் நீல ஒளியைத் தடுத்து விழித்திரையைக் காக்கும் என்று சொல்லி விலை கூட்டுவதும் உண்டு. 2018-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு அந்தப் பாதுகாப்புக்கு நம்பகமான ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. மஞ்சள் லென்ஸ் கெடுதல் செய்யாது. அதற்கென்று தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பட்டியலில் இல்லாத, ஒரு பைசா செலவில்லாத ஒரு முடிவு இருக்கிறது. இதைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. சாதாரண லென்ஸ் ஒரே ஒரு தூரத்தில்தான் தெளிவாகக் காட்டும். அது எந்தத் தூரம் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துத்தான் லென்ஸின் பவரைக் குறிக்கிறார்கள். பொதுவாகத் தூரப் பார்வைக்கு வைத்துவிடுவார்கள். படிக்க மட்டும் கண்ணாடி போட வேண்டும். பலருக்கு அது சரி. ஆனால் சிறு வயதிலிருந்தே கிட்டப்பார்வை உள்ளவர், ஐம்பது வருடமாகக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேப்பர் படித்தவர், பூ கட்டுபவர், தையல் வேலை செய்பவர் ஆகியோருக்கு அந்த வசதி ஒரே நாளில் போய்விடும். லென்ஸை மைனஸ் 2.5 அளவுக்குக் குறிவைத்தால் கைக்கெட்டும் 40 சென்டிமீட்டரில் தெளிவு வரும்; தூரத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். இன்னொரு வழி, ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதை மைனஸ் 1.25 அல்லது 1.5 அளவுக்குக் கிட்டத்துக்கும் வைப்பது. பெரும்பாலான வேலைகள் கண்ணாடி இல்லாமலே நடக்கும். மூளை அதற்குப் பழகுமா என்று முன்பே கான்டாக்ட் லென்ஸ் போட்டுச் சோதித்துப் பார்க்கலாம். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் வசதியின் கணிசமான பகுதி இப்படிச் சும்மா கிடைக்கிறது. ஆகவே டாக்டரிடம், "நான் தினமும் கண்ணால் செய்யும் வேலை இது, எந்தத் தூரத்துக்கு வைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும்.

கூடுதல் பணத்துக்குத் தெளிவாகக் கணக்குச் சொல்லக்கூடிய லென்ஸ் என்றால் அது டோரிக். கருவிழி எல்லோருக்கும் உருண்டையாக இருப்பதில்லை. சிலருக்கு ஒரு திசையில் அதிகமாக வளைந்திருக்கும். கண்ணாடிக் கடையில் 'சிலிண்டர்' என்று எழுதும் பவர் இதைச் சார்ந்தது. சாதாரண லென்ஸ் வைத்தால் அந்தக் குறை அப்படியே நிற்கும்; தூரத்துக்கும் கண்ணாடி போட வேண்டியிருக்கும். டோரிக் லென்ஸ் அதைக் கண்ணுக்குள்ளேயே ஈடுகட்டுகிறது. புரை அறுவைக்கு வருபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு 1 டயாப்டர் அல்லது அதற்கு மேல் கருவிழிச் சிலிண்டர் இருக்கும். பொதுவாக 1-க்கு மேல் இருந்தால் டோரிக் யோசிக்கத் தகும். 2-க்கு மேல் என்றால் வித்தியாசத்தை நோயாளி முதல் வாரத்திலேயே உணர்வார். சாதாரண லென்ஸ் விலையோடு 12,000 முதல் 30,000 ரூபாய் வரை கூடும்.

இங்கே ஒரு நுணுக்கம். பழைய கண்ணாடிச் சீட்டில் இருக்கும் சிலிண்டரைப் பார்த்து டோரிக் முடிவு செய்யக் கூடாது. அந்தக் குறையில் ஒரு பகுதி கலங்கிய லென்ஸிலிருந்து வந்திருக்கலாம்; லென்ஸை எடுத்ததும் அது போய்விடும். தலைகீழாகவும் நடக்கும்: கண்ணாடியில் சிலிண்டர் தெரியாது, கருவிழியில் இருக்கும். ஆகவே கெரட்டோமெட்ரி என்ற கருவிழி அளவைத்தான் பார்க்க வேண்டும். கண் வறட்சி இருந்தால் அந்த அளவே தப்பாக வரும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் அளவுக்குச் சில வாரம் முன்பே அதை நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டு தடவை எடுத்து இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம்.

வைப்பதிலும் கவனம் வேண்டும். டோரிக் லென்ஸ் சரியான கோணத்தில் உட்கார வேண்டும். ஒரு டிகிரி விலகினால் அதன் பலனில் சுமார் 3 சதவீதம் போகும்; 10 டிகிரி விலகினால் மூன்றில் ஒரு பங்கு போகும்; 30 டிகிரி விலகினால் டோரிக் வைத்ததே வீண், அதற்கும் மேல் போனால் குறை கூடிவிடும். படுத்ததும் கண் தன் அச்சில் சற்றுச் சுழலும் என்பதால், நோயாளியை உட்கார வைத்தே கண்ணில் குறி போட்டுக்கொள்கிறார்கள், அல்லது கருவியின் படத்தைக் கொண்டு குறிப்பார்கள். லென்ஸ் நகர்வது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும்தான். மறுநாள் பரிசோதனையில் கண்மணியை விரித்து லென்ஸின் கோணத்தைப் பார்த்தார்களா என்று கேட்பது நம் உரிமை. விலகியிருந்தால் முதல் ஓரிரு வாரங்களுக்குள் திருப்பி வைப்பது எளிது.

பட்டியலின் உச்சியில் மல்டிஃபோகல், ட்ரைஃபோகல் வகைகள் இருக்கின்றன. ஒரு கண்ணுக்கு 60,000 முதல் 1,20,000 ரூபாய் வரை. தூரம், கணினித் திரை, புத்தகம் மூன்றும் கண்ணாடி இல்லாமல் தெரிய வேண்டும் என்பவருக்கு இது உண்மையிலேயே அந்த வசதியைத் தருகிறது. அது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் அதன் எல்லையும் புரியும். லென்ஸில் நுண்ணிய வட்ட வரிகள் இருக்கின்றன. உள்ளே வரும் ஒளியை அவை மூன்று தூரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. ஒரே வாய்க்கால் தண்ணீரை மூன்று வயலுக்குத் திருப்பிவிட்டால், ஒவ்வொரு வயலுக்கும் முழுத் தண்ணீர் வராது. இங்கும் ஒவ்வொரு தூரத்துக்கும் ஒளியில் ஒரு பங்குதான் போகிறது. கொஞ்சம் சிதறியும் போகிறது. அதனால் மங்கிய வெளிச்சத்தில் பின்புலத்திலிருந்து பொருளைப் பிரித்துப் பார்க்கும் திறன் குறைகிறது. இரவில் எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். பல மாதங்களில் மூளை பழகி அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். சிலருக்குப் பழகவே பழகாது. அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு லென்ஸை எடுத்து மாற்ற வேண்டி வருகிறது. அது முதல் அறுவையைவிடக் கடினமானது.

ஆரோக்கியமான விழித்திரை இருந்தால்தான் இந்த ஒளிப் பகிர்வைத் தாங்க முடியும். சர்க்கரையால் விழித்திரையில் கசிவு, வயதால் மாக்குலா தேய்வு, பார்வைப் பரப்பு சுருங்கிய குளுகோமா, கடுமையான கண் வறட்சி, கருவிழி ஒழுங்கற்ற வளைவு இவற்றில் ஏதாவது இருந்தால் இதை வைக்கக் கூடாது. புரை கலங்கலாக இருக்கும்போது விழித்திரையின் நடுப்பகுதியை டாக்டரால் நன்றாகப் பார்க்க முடியாமல் போகலாம். எனவே இந்த லென்ஸை எழுதித் தரும் முன் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும். அந்த ஸ்கேன் இல்லாமல் ட்ரைஃபோகலைப் பேசினால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். இரவில் லாரியோ வாடகைக் காரோ ஓட்டிப் பிழைப்பவருக்கும் இது பொருந்தாது.

இடைப்பட்ட வகை ஒன்று உண்டு. ஈடாஃப் என்று எழுதியிருப்பார்கள். தூரமும் கணினித் தூரமும் கண்ணாடி இல்லாமல் நன்றாகத் தெரியும். மாத்திரை அட்டையில் உள்ள பொடி எழுத்துக்குக் கண்ணாடி தேவைப்படலாம். இதில் வட்ட வரிகள் இல்லாத வகைகளில் வளையத் தொல்லை குறைவு. விலை 50,000 முதல் 90,000 ரூபாய் வரை. இதற்கும் சாதாரண லென்ஸுக்கும் நடுவே 'மேம்பட்ட மோனோஃபோகல்' என்று ஒன்று வந்திருக்கிறது. அது தூரப் பார்வையோடு கையெட்டும் தூரத்தில் கொஞ்சம் கூடுதல் தெளிவைத் தரும்; ஒளி இழப்பு சொல்லும்படியாக இல்லை. சாதாரண இறக்குமதி லென்ஸுக்குக் கொடுக்க எண்ணிய பணத்தோடு சிறிது சேர்த்தால் இது கிடைக்கும் என்றால், நான் இதைத்தான் பரிசீலிக்கச் சொல்வேன்.

லேசர் அறுவை, பிளேடு இல்லாத அறுவை என்ற பெயரில் கூடும் 25,000, 40,000 ரூபாயும் சில பட்டியல்களில் உண்டு. அது லென்ஸுக்கானது அல்ல, வெட்டும் கருவிக்கானது. பிரான்ஸில் நடந்து 2020-ல் வெளியான பெரிய ஆய்வில், சாதாரண ஃபேக்கோவைவிட லேசர் முறை மேலான பலன் தரவில்லை. செலவு மட்டும் கூடுதலாக இருந்தது. இரண்டையும் ஒரே பேக்கேஜாகச் சேர்த்திருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அறுபத்தாறு வயதான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. இரண்டு கண்ணிலும் புரை. கருவிழி அளவில் வலது கண்ணில் சிலிண்டர் 2.1, இடது கண்ணில் 0.4. காலையில் பேப்பர், மாலையில் டியூஷன், இரவில் டி.வி., இதுதான் அவர் கண்ணின் வேலை. மருத்துவமனை எஸ்டிமேட் இப்படி: இந்திய ஹைட்ரோஃபோபிக் மடக்கும் லென்ஸ் 24,000, இந்திய டோரிக் 38,000, ட்ரைஃபோகல் 85,000, ட்ரைஃபோகல் டோரிக் 1,05,000. காப்பீட்டில் ஒரு கண்ணுக்கு உச்சவரம்பு 25,000 ரூபாய்.

"மிஸ், இரண்டு கண்ணுக்கும் ட்ரைஃபோகல் வச்சுக்கிட்டா கண்ணாடியே வேண்டாம்" என்று கவுன்சலர் சொல்கிறார். வலதுக்கு 1,05,000, இடதுக்கு 85,000, மொத்தம் 1,90,000. காப்பீடு 50,000 போக, கையிலிருந்து 1,40,000. ஓ.சி.டி. எடுத்துப் பார்த்ததில் வலது கண்ணில் சர்க்கரையால் லேசான வீக்கத் தடயம் தெரிகிறது. அதைக் கவனித்துக் கட்டுப்படுத்திய பிறகே அறுவை செய்ய வேண்டும். ஏனென்றால் அறுவையே அந்த வீக்கத்தை அதிகமாக்கலாம். ட்ரைஃபோகல் அந்தக் கண்ணுக்கு ஆகாது என்பதும் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

அவருக்குப் பொருத்தமான ஏற்பாடு: வலது கண்ணில் சாதாரண டோரிக், 38,000. இடது கண்ணில் சிலிண்டர் அரைக்கும் குறைவு என்பதால் டோரிக் வேண்டாம். சாதாரண ஹைட்ரோஃபோபிக், 24,000. மொத்தம் 62,000. காப்பீடு 25,000-மும் 24,000-மும் தந்தால், கையிலிருந்து 13,000. கண்ணாடி இல்லாமல் டி.வி., கரும்பலகை, தெருவில் எதிரே வருபவர் முகம் எல்லாம் தெரியும். பேப்பருக்கு மட்டும் சில நூறு ரூபாய்க் கண்ணாடி. இரு கணக்குக்கும் இடையே 1,27,000 ரூபாய் வித்தியாசம். இதில் அவர் இழந்தது பேப்பர் படிக்கும் கண்ணாடியைக் கழற்றும் வசதி மட்டும். டோரிக் வேண்டாம் என்று அவர் சொன்னாலும் தவறில்லை. வலது கண்ணில் சாதாரண லென்ஸ் வைத்து, தூரத்துக்கும் ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டால் அதே எழுத்தைப் படிப்பார். 13,000 ரூபாயை அவர் கொடுப்பது முழுநேரக் கண்ணாடியைத் தவிர்க்க. அது தனக்குத் தகுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், பிள்ளைகள் அல்ல.

காப்பீட்டில் கண்புரைக்கு மட்டும் தனி விதிகள் உண்டு. பல பாலிசிகளில் முதல் 2 ஆண்டு காத்திருப்புக் காலம் இருக்கும். ஒரு கண்ணுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் இருக்கும். டோரிக், மல்டிஃபோகல் லென்ஸின் கூடுதல் விலையைக் கண்ணாடிக்கு மாற்றான வசதி என்று சொல்லி மறுக்கும் நிறுவனங்கள் உண்டு. அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே, லென்ஸின் வகையையும் விலையையும் குறிப்பிட்டு முன்அனுமதியை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். இதய ஸ்டென்டுக்கும் முழங்கால் மாற்று மூட்டுக்கும் 2017-ல் மத்திய அரசு உச்சவிலை நிர்ணயித்தது. கண் லென்ஸுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாததால், பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச விலையைக் காட்டச் சொல்லிப் பார்ப்பதுதான் நம் கையில் இருக்கும் ஆயுதம். பட்டியலில் கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால், அது ஒற்றைத் தூரமா, டோரிக்கா, ஈடாஃபா, ட்ரைஃபோகலா, என்ன பொருள் என்று பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அறுவைக்குப் பிறகு அந்த லென்ஸின் பெயர், பவர், வரிசை எண் அச்சிட்ட ஸ்டிக்கர் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பணம் கட்டிய லென்ஸும் ஸ்டிக்கரில் இருக்கும் லென்ஸும் ஒன்றா என்று அன்றே பாருங்கள். பத்து வருடம் கழித்து வேறொரு டாக்டர் கேட்கப்போவதும் அந்த ஸ்டிக்கரைத்தான்.

இரண்டு கண்ணுக்கும் சேர்த்து முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். முதல் கண் ஆறிச் சில வாரம் கழித்து அதன் பவரை அளந்துபார்த்தால், கணக்குப் போட்ட பவருக்கும் வந்த பவருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது டாக்டருக்குத் தெரியும். இரண்டாவது கண்ணின் லென்ஸை அதற்கேற்பத் திருத்திக் குறிக்கலாம். ட்ரைஃபோகல் வைத்தவராக இருந்தால், இரவு விளக்கு வளையத்தைத் தன்னால் தாங்க முடிகிறதா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். முடியவில்லை என்றால் இரண்டாவது கண்ணுக்குச் சாதாரண லென்ஸே கேட்கலாம்.